வெள்ளியில் பெய்யாத மழை

கேள்வியை முதலில் சரிசெய்தல்

வெள்ளியும் பூமியும் அளவில் ஏறத்தாழ ஒன்றுதான். வெள்ளியின் ஆரம் 6,052 கி.மீ., பூமியின் ஆரம் 6,371 கி.மீ. நிறையில் வெள்ளி பூமியின் ஐந்தில் நான்கு பங்கு இருக்கும். சூரியனைச் சுற்றிய ஒரே தூசுத் தட்டிலிருந்து, அடுத்தடுத்த பாதைகளில் உருவான கோள்கள் இவை. இருந்தும் வெள்ளியின் தரை 464 டிகிரி செல்சியஸில் கொதிக்கிறது. அங்கே வளிமண்டல அழுத்தம் நம் கடல் மட்டத்து அழுத்தத்தைப் போல் 90 மடங்குக்கும் மேல். காற்றில் 96 சதவீதத்துக்கும் அதிகமாகக் கார்பன் டை ஆக்சைடு.

இதற்குப் பாடநூல்கள் தரும் விளக்கம் சுருக்கமானது: வெள்ளி சூரியனுக்கு அருகில் இருக்கிறது, அதன் காற்று முழுவதும் கார்பன் டை ஆக்சைடு, ஆகவே அது சுடுகிறது. இதில் பொய் எதுவும் இல்லை. ஆனாலும் இது விளக்கமாக நிற்பதில்லை. அதைக் காட்ட இரண்டு கணக்குகள் போதும்.

முதல் கணக்கு வெயிலைப் பற்றியது. வெள்ளி இருக்கும் தொலைவில் சூரிய ஒளி சதுர மீட்டருக்கு சுமார் 2,600 வாட் விழுகிறது. பூமியில் 1,361 வாட். கோளின் பகல், இரவு, நடுக்கோடு, துருவம் எல்லாவற்றுக்கும் பகிர்ந்து பார்க்க இதை நான்கால் வகுக்க வேண்டும். வெள்ளிக்கு 650, பூமிக்கு 340 கிடைக்கும். ஆனால் வெள்ளியைப் போர்த்தியிருக்கும் கந்தக அமில மேகங்கள் விழும் ஒளியில் முக்கால் பங்கைத் திருப்பி அனுப்பிவிடுகின்றன. பூமி திருப்பி அனுப்புவது 30 சதவீதம்தான். ஆக வெள்ளி உள்வாங்கும் வெயில் சதுர மீட்டருக்கு சுமார் 155 வாட். பூமி உள்வாங்குவது 240 வாட். இன்றைய நிலையில் பூமியைவிடக் குறைவாக வெயில் காயும் கோள் வெள்ளி. பசுமை இல்ல விளைவு மட்டும் இல்லாதிருந்தால், அதே மேகங்களோடு அதன் தரை மைனஸ் 40 டிகிரிக்கும் கீழே குளிர்ந்திருக்கும்.

இரண்டாவது கணக்கு கார்பனைப் பற்றியது. பூமியிலும் ஏறத்தாழ அதே அளவு கார்பன் உண்டு. அது காற்றில் இல்லை, பாறையில் இருக்கிறது. உலகெங்கும் படிந்திருக்கும் சுண்ணாம்புப் பாறைகளைச் சுட்டு அவற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை எல்லாம் வெளியேற்றினால், வெள்ளியின் வளிமண்டலத்தோடு ஒப்பிடத்தக்க காற்றுப் போர்வை நமக்கும் வந்துவிடும்.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி வேறு. பூமியின் கார்பன் ஏன் பாறைக்குள் போனது, வெள்ளியின் கார்பன் ஏன் காற்றிலேயே தங்கியது? கார்பன் டை ஆக்சைடு கல்லாக மாற நீர் வேண்டும். மழைநீரில் கரைந்து, பாறையை அரித்து, கடலில் கால்சியத்தோடு சேர்ந்துதான் அது சுண்ணாம்பாகப் படிகிறது. எனவே வெள்ளியின் கதை கார்பனின் கதையாவதற்கு முன்பே நீரின் கதையாக இருந்தது. இன்று வெள்ளியின் காற்றிலுள்ள நீராவி முழுவதையும் தரையில் ஊற்றினால் சுமார் 3 சென்டிமீட்டர் ஆழம்தான் தேறும். பூமியின் நீரைச் சமமாகப் பரப்பினால் இரண்டரை கிலோமீட்டருக்கு மேல் நிற்கும்.

நீராவி போடும் உச்சவரம்பு

'கட்டுமீறிய பசுமை இல்ல விளைவு' என்ற சொற்றொடர் பொதுப் பேச்சில் மிகுந்த வெப்பம் என்ற பொருளில் புழங்குகிறது. துறைக்குள் அதற்குக் கறாரான பொருள் உண்டு. ஒரு கோள் விண்வெளிக்கு அனுப்பக்கூடிய வெப்பத்துக்கு நீராவி ஒரு உச்சவரம்பு விதிக்கிறது. உள்ளே வரும் வெயில் அந்த வரம்பைத் தாண்டும்போது நிகழ்வதுதான் இது.

சாதாரணமாக ஒரு பொருள் சூடேறினால் அதிக வெப்பத்தை வெளிவிடும். அதனால் எங்கோ ஓரிடத்தில் வரவும் செலவும் சமமாகி வெப்பநிலை நின்றுவிடும். கடல் உள்ள கோளில் இந்த வழக்கம் ஒரு கட்டத்துக்கு மேல் உடைந்துபோகிறது. தரை சூடேற ஏற நீராவி பெருகுகிறது. நீராவி அகச்சிவப்புக் கதிர்களை விழுங்கும் வாயு. போதிய அளவு பெருகியதும், தரையிலிருந்து புறப்படும் எந்தக் கதிரும் நேராக விண்வெளிக்குப் போக முடியாது. மேலே இருக்கும் நீராவி மெலிந்திருக்கும் ஓர் உயரத்திலிருந்து மட்டுமே வெப்பம் தப்பிச் செல்லும். அந்த உயரத்தில் வெப்பநிலை என்ன? காற்று நீராவியால் நிறைந்திருக்கும்போது, நீராவியின் அளவைத் தீர்மானிப்பது வெப்பநிலை ஒன்றே. ஆகவே குறிப்பிட்ட அளவு நீராவி உள்ள இடம் என்றால் அது குறிப்பிட்ட வெப்பநிலை உள்ள இடமும் ஆகும். தரை 100 டிகிரியாக இருந்தாலும் 500 டிகிரியாக இருந்தாலும், வெப்பம் வெளியேறும் அடுக்கு மேலே மேலே நகர்கிறதே தவிர, அதன் வெப்பநிலை மாறுவதில்லை. அது பூஜ்யத்துக்குச் சில டிகிரி கீழேயே நிற்கிறது. வெளியேறும் வெப்பமும் மாறாமல் நிற்கிறது.

காலின் கோல்ட்பிளாட்டும் உடன் ஆய்வாளர்களும் 2013-இல் செய்த விரிவான கணக்கின்படி இந்த வரம்பு சதுர மீட்டருக்கு சுமார் 282 வாட். கடலுள்ள கோள் இதற்கு மேல் வெயிலை உள்வாங்கினால் கணக்கு நேராக வழியே இல்லை. கடல் முழுவதும் ஆவியாகி, தரைப்பாறை உருகும் அளவுக்குச் சூடேறி, அந்தச் செந்தணல் கதிர் நீராவியைக் கடந்து கசியத் தொடங்கும்போதுதான் சமநிலை மீளும்.

இந்தக் கருத்துக்கு நூறாண்டு வயது ஆகிறது. ஜார்ஜ் சிம்ப்சன் 1920-களின் பிற்பகுதியில் இதன் முதல் வடிவத்தை எதிர்கொண்டார். அவர் இளமையில் சிம்லாவில் இந்திய வானிலைத் துறையில் பணியாற்றி, பின்னர் பிரிட்டிஷ் வானிலைத் துறையின் தலைவரானவர். தரை வெப்பம் கூடியும் வெளிச்செல்லும் கதிர் கூடாமல் இருந்ததை அவர் தம் கணக்கின் குறையாகக் கருதினார். பூமியைப் பொறுத்தவரை அது சரிதான். 8 முதல் 12 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில் நீராவி அவ்வளவாக விழுங்காத ஒரு சாளரம் இருக்கிறது. அதைச் சேர்த்ததும் முரண் நீங்கியது. நீராவி மிகும்போது அந்தச் சாளரமும் அடைபட்டுவிடும், அப்போது முரண் உண்மையாகிவிடும் என்பதை 1967-இல் கொமபயாசியும், 1969-இல் ஆண்ட்ரூ இங்கர்சாலும் தனித்தனியே எடுத்துரைத்தனர். 1992-இல் நகஜிமாவும் தோழர்களும் அதை முழுமைப்படுத்தினர். இங்கர்சாலின் கட்டுரைக்குப் பின்னணியில் வெள்ளி இருந்தது. வெள்ளியின் காற்று பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடு என்பதை சோவியத் விண்கலம் வெனெரா 4 அப்போதுதான், 1967-இல், நேரில் அளந்து காட்டியிருந்தது.

இளஞ்சூரியனின் கீழ் இரு கோள்கள்

இந்த வரம்பை வைத்துக்கொண்டு 450 கோடி ஆண்டுகளுக்கு முன் போய்ப் பார்க்கலாம். அன்றைய சூரியன் இன்றையதைவிட மங்கல். அதன் ஒளி இன்றைய அளவில் 72 சதவீதம் என்று கொள்வோம்.

பூமிக்கு அப்போது கிடைத்த சராசரி வெயில் சதுர மீட்டருக்கு 245 வாட். வரம்பு 282. ஒளியில் ஒரு துளியைக்கூடத் திருப்பி அனுப்பாத கரிய கோளாகப் பூமி இருந்திருந்தாலும் வரம்பைத் தொட்டிருக்காது. மேகங்கள் எப்படி இருந்தன, தரை என்ன நிறம் என்ற எதுவும் தெரியாமலேயே நாம் துணிந்து சொல்லலாம்: இளம்பூமியின் நீராவி குளிர்ந்து மழையாகத்தான் வேண்டியிருந்தது.

வெள்ளிக்குக் கிடைத்தது 468 வாட். வரம்புக்குள் வர வேண்டுமானால் அது குறைந்தது 40 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். அடர்த்தியான மேகங்கள் இதைச் செய்யக்கூடியவை. எல்லா மேகங்களும் செய்வதில்லை. இந்த இடத்தில்தான் இரு கோள்களின் நிலைமையும் அடிப்படையில் வேறுபடுகிறது என்பது என் முடிவு. சூரியனிடமிருந்து இருந்த தொலைவு பூமியின் விதியைத் தானாகவே உறுதிசெய்தது. வெள்ளியின் விதியை அது மேகங்களின் கையில் விட்டது.

மேகங்கள் எந்தப் பக்கம் நின்றன?

1980-களில் ஜேம்ஸ் காஸ்டிங் செய்த கணக்குகளிலிருந்து இரண்டு தலைமுறைகளாக நிலைத்த சித்திரம் இது: வெள்ளியில் முதலில் கடல் இருந்தது, சூரியன் பிரகாசமாக ஆக ஆக நீராவி மேலடுக்குகளுக்கு ஏறியது, அங்கே புற ஊதாக் கதிர் நீர் மூலக்கூறை உடைத்தது, ஹைட்ரஜன் விண்வெளிக்குப் போனது, கடல் வற்றியது. கடல் கொதிக்காமலேயே, வெதுவெதுப்பாக இருந்தபடியே மெல்லக் கசிந்து தீரக்கூடும் என்பது காஸ்டிங்கின் முக்கியமான கண்டறிதல்.

இந்தச் சித்திரத்துக்குப் பின்னாளில் வலுச் சேர்த்தது வெள்ளியின் மந்தமான சுழற்சி. வெள்ளியில் ஒரு சூரியோதயத்திலிருந்து அடுத்ததற்கு 117 பூமி நாள்கள் ஆகின்றன. இவ்வளவு மெதுவாகச் சுழலும் கடல்கோளில், நடுப்பகல் வெயில் விழும் பகுதியில் காற்று விடாமல் மேலெழுந்து தடித்த வெண்மேகத்தை உருவாக்கும். அந்த மேகம் குடையாக நின்று தரையைக் காக்கும். நாசாவின் காடர்ட் நிறுவனத்தைச் சேர்ந்த மைக்கேல் வேயும் சக ஆய்வாளர்களும் 2016 முதல் இந்த அடிப்படையில் காலநிலைக் கணினி மாதிரிகளை ஓட்டினர். வெள்ளி கோடிக்கணக்கான ஆண்டுகள், ஒருவேளை 70 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வரைகூட, மிதமான கடல்கோளாக இருந்திருக்கலாம் என்றனர். அப்படியானால் அதைக் கவிழ்த்தது சூரியன் அன்று. பெரும் எரிமலை வெடிப்புகள் அடுத்தடுத்து நிகழ்ந்து கக்கிய கார்பன் டை ஆக்சைடே என்பது அவர்கள் கருத்து.

இந்த மாதிரிகளின் வேலைப்பாடு சிறப்பானது. ஆனால் அவற்றின் தொடக்கப் புள்ளியைக் கவனிக்க வேண்டும். கடல் ஏற்கெனவே தரையில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டுதான் அவை தொடங்குகின்றன. பிறந்த கோள் அப்படி இருப்பதில்லை. மோதல்களின் வெப்பத்தால் அதன் மேற்பரப்பு கற்குழம்புக் கடலாக இருக்கும். நீர் முழுவதும் மேலே ஆவியாக நிற்கும். கடல் தங்குமா என்பது ஒரு கேள்வி, கடல் உருவாகுமா என்பது வேறு கேள்வி.

இரண்டாவது கேள்வியை ஜெனீவாவைச் சேர்ந்த மார்ட்டின் டர்பேயும் குழுவினரும் 2021-இல் 'நேச்சர்' இதழில் எழுப்பினர். அவர்கள் நீராவிச் சூழலில் தொடங்கி, வெயிலைக் குறைத்துக்கொண்டே போய், எப்போது மழை பிடிக்கிறது என்று பார்த்தனர். நீராவி சூழ்ந்த கோளில் பகல் பக்கத்து மேலடுக்குக் காற்று வெயிலை நேரடியாக விழுங்கிச் சூடாகிவிடுவதால் அங்கே மேகம் நிலைப்பதில்லை. மேகங்கள் இரவுப் பக்கம் ஒதுங்குகின்றன. இரவில் நிற்கும் மேகத்துக்குத் திருப்பி அனுப்ப ஒளி இல்லை. கீழிருந்து வரும் வெப்பத்தைத் தடுக்க மட்டுமே அது உதவும். குடையாக வேண்டியது கம்பளியாகிவிடுகிறது. வெயில் சதுர மீட்டருக்கு 325 வாட் அளவுக்கு இறங்கும்வரை மழை பிடிக்கவில்லை. இளம்வெள்ளியின் 468 வாட் அதைவிட மிக அதிகம். எனவே வெள்ளியில் மழை ஒருபோதும் பெய்யவில்லை, கடல் ஒருபோதும் இருந்ததில்லை என்று அவர்கள் முடிவு கட்டினர்.

325 என்ற எண்ணில் பூமிக்கும் ஒரு செய்தி இருக்கிறது. இன்று பூமி பெறும் வெயில் 340 வாட். அதாவது இன்றைய சூரியனின் கீழ் பூமி பிறந்திருந்தால் இங்கேயும் கடல் உருவாகியிருக்காது என்று அந்த மாதிரி சொல்கிறது. இளஞ்சூரியனின் மங்கல் நெடுங்காலமாகப் பூமி வரலாற்றில் விளக்கப்பட வேண்டிய சிக்கலாகவே பேசப்பட்டது: அவ்வளவு குறைந்த வெயிலில் கடல் உறையாமல் எப்படி இருந்தது என்று. கடல் உருவானதே அந்த மங்கலின் கொடை என்பது இந்த ஆய்வு தரும் மாற்றுப் பார்வை.

கன ஹைட்ரஜன் சொல்வதும் சொல்லாததும்

வெள்ளியில் கடல் இருந்ததற்குச் சான்றாக எப்போதும் முன்வைக்கப்படுவது டியூட்ரியம் என்ற கன ஹைட்ரஜன். 1978-இல் வெள்ளிக்குள் இறங்கிய பயனியர் வீனஸ் ஆய்வுக்கலத்தின் அளவீடுகளை ஆராய்ந்து, தாமஸ் டொனஹ்யூவும் பிறரும் 1982-இல் ஒரு முடிவை வெளியிட்டனர். வெள்ளியின் நீரில் சாதாரண ஹைட்ரஜனுக்கு எதிரான டியூட்ரியத்தின் விகிதம் பூமியில் உள்ளதைப் போல் ஏறத்தாழ நூறு மடங்கு. லேசான ஹைட்ரஜன் எளிதில் தப்பிவிடும், கனமானது பின்தங்கும். ஆகவே இந்தச் செறிவு இழந்த நீரின் தடயம்.

தடயம் உண்மை. அது எவ்வளவு நீரைக் காட்டுகிறது என்பதில்தான் கவனம் வேண்டும். டியூட்ரியம் அறவே தப்பவில்லை என்று கொண்டால், நூறு மடங்கு செறிவுக்கு இன்றுள்ளதைப் போல் நூறு மடங்கு நீர் இருந்திருந்தால் போதும். 3 சென்டிமீட்டரின் நூறு மடங்கு 3 மீட்டர். இது அடிமட்ட மதிப்பீடு. டியூட்ரியமும் ஓரளவு கூடவே தப்பியிருந்தால் தொடக்க நீர் இன்னும் மிகுதியாக, நூற்றுக்கணக்கான மீட்டராகக்கூட இருந்திருக்கலாம். இடையில் வால்வெள்ளிகளும் எரிமலைகளும் புது நீர் கொடுத்திருந்தால் கணக்கு மறுபடி மாறும். எப்படிப் பார்த்தாலும், இழந்த நீர் தரையில் கடலாகக் கிடந்ததா, காற்றில் ஆவியாகவே நின்றதா என்பதைப் பற்றி டியூட்ரியம் மௌனம் சாதிக்கிறது. 'வெள்ளி ஈரமாக இருந்தது' என்பதற்கு அது சான்று. 'வெள்ளியில் கடல் இருந்தது' என்று அதை நீட்டிப்பது சான்று தாங்காத சுமை.

இன்னொரு தடயத்துக்கு இதைவிடக் கூடுதல் கவனம் தகும் என்று கருதுகிறேன்: இல்லாத ஆக்சிஜன். நீரின் நிறையில் ஒன்பதில் எட்டுப் பங்கு ஆக்சிஜன். ஹைட்ரஜன் மட்டும் தப்பிப் போனால் ஆக்சிஜன் மிஞ்ச வேண்டும். பூமியின் கடலளவு நீர் அப்படி உடைந்தால், பூமியின் காற்றழுத்தத்தைப் போல் 240 மடங்கு அழுத்தம் தரும் ஆக்சிஜன் எஞ்சும். வெள்ளியின் காற்றில் ஆக்சிஜன் கிட்டத்தட்ட இல்லை. எங்கே போனது? இறுகிப்போன தரை அவ்வளவையும் துருவாக மாற்றி விழுங்குவது கடினம். புதுப் பாறை இடைவிடாது மேலே வந்துகொண்டே இருக்க வேண்டும். உருகிய கற்குழம்புக்கு அது எளிது. இரும்பு நிறைந்த ஆழமான குழம்பு கலங்கிக் கலங்கி ஆக்சிஜனைக் கரைத்துக்கொள்ளும்.

ஹமானோ, அபே, கெந்தா ஆகிய மூன்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2013-இல் முன்வைத்த கருத்து இதோடு பொருந்துகிறது. வரம்புக்குக் குறைவான வெயில் பெறும் கோளில் கற்குழம்பு சில பத்து லட்சம் ஆண்டுகளுக்குள் இறுகி, நீர் மழையாக இறங்கிவிடும். வரம்புக்கு மேல் பெறும் கோளில் நீராவிப் போர்வை குளிர்ச்சியைத் தடுப்பதால் குழம்பு 10 கோடி ஆண்டுகள்வரை உருகியே இருக்கலாம். அதற்குள் நீர் உடைந்து, ஹைட்ரஜன் தப்பி, ஆக்சிஜன் குழம்புக்குள் மறைந்து, கோள் இறுகும்போது வறண்டே இறுகும். இரு வகைக்கும் இடையிலான எல்லைத் தொலைவு வெள்ளியின் பாதையை ஒட்டியே வருகிறது; அதனால் வெள்ளி எந்தப் பக்கம் என்று அவர்களே திட்டவட்டமாகச் சொல்லவில்லை. 2024-இல் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த கான்ஸ்டான்டினூ, ஷார்ட்டில், ரிம்மர் ஆகியோர் வேறொரு வழியில் இதே பக்கம் வந்து சேர்ந்தனர். வெள்ளியின் காற்றில் வேதிவினைகளால் அழியும் வாயுக்களை எரிமலைகள் ஈடுகட்டியாக வேண்டும். அதிலிருந்து எரிமலை வாயுவின் கலவையைக் கணிக்கலாம். அதில் நீராவி 6 சதவீதத்துக்கு மேல் இருக்க முடியாது என்பது அவர்கள் கணிப்பு. பூமியின் எரிமலைகள் கக்குவதில் பெரும்பகுதி நீராவி. வெள்ளியின் உள்ளும் வறண்டது என்றால், அது தொடக்கத்திலேயே வறண்டிருக்க வேண்டும்.

இவற்றைச் சேர்த்துப் பார்க்கையில், கடலை இழந்த கோள் என்பதைவிடக் கடலே பெறாத கோள் என்ற விளக்கம் எனக்கு வலுவானதாகப் படுகிறது. 2024-இன் கணிப்பும் 2021-இன் மாதிரியும் ஒன்றையொன்று சாராமல் ஒரே திசையைக் காட்டுவது இதற்கு முக்கியக் காரணம். எதிர்த்தரப்புக்கும் ஒரு நியாயமான வாதம் மிஞ்சுகிறது: மேகங்கள் மாதிரிகளின் மிகப் பலவீனமான பகுதி; டர்பேயின் இரவு மேகங்களும் அதற்கு விலக்கல்ல.

பூமி தப்பி நிற்பது எப்படி?

மழை பெய்துவிட்டது என்பதோடு பூமியின் பாதுகாப்பு முடிந்துவிடவில்லை. இன்றைய சூரியன் தரும் 340 வாட் வரம்பான 282-ஐத் தாண்டியது. 30 சதவீதத்தைத் திருப்பி அனுப்புவதால்தான் 240-இல் நிற்கிறோம். இதைத் தவிர இரண்டு காவல்கள் பூமிக்கு இருக்கின்றன.

ஒன்று, அடிவளிமண்டலத்தின் உச்சியிலுள்ள குளிர். மேலேறும் நீராவி அங்கே உறைந்து பனியாக விழுந்துவிடுகிறது. அதற்கு மேலுள்ள அடுக்கு மண்டலத்துக்குப் பத்து லட்சத்தில் சில பங்கு நீராவியே எட்டுகிறது. இதனால் பூமி விநாடிக்கு சுமார் 3 கிலோ ஹைட்ரஜனை மட்டுமே விண்வெளிக்கு இழக்கிறது. இதே வேகத்தில் 450 கோடி ஆண்டுகள் இழந்தாலும் கடலிலுள்ள ஹைட்ரஜனில் அரை சதவீதம்கூடப் போகாது.

மற்றொன்று, கார்பனைக் கல்லாக்கும் அந்தச் சுழற்சி. வாக்கர், ஹேஸ், காஸ்டிங் மூவரும் 1981-இல் விளக்கியபடி, வெப்பம் கூடினால் மழையும் பாறையரிப்பும் கூடும், கார்பன் டை ஆக்சைடு குறையும். குளிர்ந்தால் அரிப்பு தளர்ந்து எரிமலைக் கார்பன் காற்றில் சேரும். சூரியன் பிரகாசமாகிக்கொண்டே வந்த காலமெல்லாம் பூமி தன் போர்வையைக் குறைத்துக்கொண்டே வந்தது. இது லட்சக்கணக்கான ஆண்டுகளில் இயங்கும் ஏற்பாடு. நம் புகைபோக்கிகளின் வேகத்துக்கு ஈடுகொடுப்பதில்லை. நாம் எரிக்கும் எரிபொருள் பூமியை வெள்ளியாக்கிவிடுமா என்று கேட்டால், கோல்ட்பிளாட்டும் ஆண்ட்ரூ வாட்சனும் 2012-இல் தந்த பதில், அது நிகழ வாய்ப்புக் குறைவு என்பதே. உள்வாங்கும் வெயிலுக்கும் வரம்புக்கும் இடையில் இன்னும் 40 வாட் இடைவெளி இருக்கிறது. அதற்கு வெகு முன்பே மனித வாழ்வைக் குலைக்கும் வெப்பம் வந்துவிடும் என்பது தனிப் பிரச்சினை.

சூரியனால் அந்த இடைவெளி மூடத்தான் போகிறது. ஜெரமி லகோன்டும் குழுவினரும் 2013-இல் முப்பரிமாண மாதிரியில் கண்டபடி, கடலுள்ள பூமி 375 வாட் வெயில் வரை தாங்கும். இன்றையதைவிட சுமார் 10 சதவீதம் கூடுதல். வறண்ட காற்று கீழிறங்கும் வெப்பமண்டல ஓரப் பகுதிகள், நீராவி குறைந்திருப்பதால், வெப்பத்தை வெளியேற்றும் வழியாகத் திறந்தே இருக்கின்றன. ஒரு பரிமாணக் கணக்குகள் இதைக் காணவில்லை. பத்து கோடி ஆண்டுகளுக்கு ஒரு சதவீதம் அளவில் பிரகாசமாகும் சூரியன் அந்த அளவை எட்ட ஏறத்தாழ நூறு கோடி ஆண்டுகள் ஆகும்.

எதை அளந்தால் தெரியும்?

வெள்ளியின் தரையில் பெரும்பகுதி ஒப்பீட்டளவில் இளமையான எரிமலைப் பாறை. பழைய கடலின் கரையோ படிவோ இருந்திருந்தாலும் புதைந்துபோயிருக்கும். எஞ்சியிருக்கும் பழைய நிலம் 'டெசரா' எனப்படும் மடிந்து நொறுங்கிய மேட்டுநிலங்களே. அவை கருங்கல் வகைப் பாறையாக இருந்தால், கடல் இருந்தது என்ற தரப்பு வலுப்பெறும். கண்ட அளவில் கருங்கல் உருவாக நீர் கலந்த பாறை ஆழத்தில் உருக வேண்டும் என்பதே பூமியின் அனுபவம். எரிமலைப் பாறையாகவே இருந்தால் அந்தத் தரப்பு கடைசிப் பிடியையும் ஏறத்தாழ இழக்கும். நாசா திட்டமிட்டுள்ள டாவின்சி ஆய்வுக்கலம் ஆல்ஃபா ரீஜியோ என்ற அத்தகைய மேட்டுநிலத்தை நோக்கி சுமார் ஒரு மணிநேரம் இறங்கியபடி, டியூட்ரியத்தையும் மந்த வாயுக்களையும் அளந்து, மேகத்துக்குக் கீழிருந்து நிலத்தைப் படம் பிடிக்க வேண்டும். ஐரோப்பாவின் என்விஷன் சுற்றுப்பாதையிலிருந்து பாறை வகைகளையும் எரிமலை வாயுக்களையும் தேடும். இந்திய அமைச்சரவை 2024 செப்டம்பரில் ஒப்புதல் அளித்த வெள்ளிச் சுற்றுக்கலமும் இதே பத்தாண்டுகளின் வரிசையில் சேர்கிறது.

இவற்றுள் மந்த வாயு அளவீட்டையே நான் அதிகம் எதிர்பார்க்கிறேன். செனான் போன்ற வாயுக்கள் எளிதில் வேதிவினையில் சேராதவை. வளிமண்டலம் தொடக்கத்திலேயே பேரளவில் வெளியேறியிருந்தால், அந்த ஓட்டத்தில் இழுபட்டுப் போனதன் அடையாளம் அவற்றின் ஐசோடோப்பு விகிதங்களில் பதிந்திருக்கும். பூமிக்கும் செவ்வாய்க்கும் இந்த விகிதங்கள் கையில் உள்ளன. வெள்ளியின் செனானை இதுவரை யாரும் அந்த நுட்பத்தோடு அளந்ததில்லை.